மருந்து நல்லா வேலை செஞ்சா ஏன் ஆபத்து?

பர்கிட் லிம்ஃபோமா மாதிரி வேகமா வளர்ற ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கீமோ கொடுத்ததும், பெரும்பாலும் மூணு நாளுக்குள்ள ஒரு சிக்கல் வரலாம். பேரு ட்யூமர் லைசிஸ் சிண்ட்ரோம். மருந்து நல்லா வேலை செய்றதாலதான் வருது.

செல்லுக்குள்ள பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல். ரத்தத்துல வெறும் 4. நான் தோராயமா கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கட்டிக்குள்ள கிட்டத்தட்ட 100 மில்லிமோல் இருக்கும். பெரியவங்க உடம்புல செல்லுக்கு வெளியே இருக்கற மொத்தமே சுமார் 60தான்! கட்டி வேகமா உடைஞ்சா, மத்த செல்களும் கிட்னியும் சமாளிக்கறதுக்குள்ள இதயத் துடிப்பு தடுமாறலாம்.

உடைஞ்ச செல்லோட டிஎன்ஏவுல இருக்கற பியூரின், கல்லீரல்ல யூரிக் அமிலமா மாறுது. அது கிட்னியோட நுண்குழாய்கள்ல படிகமாகி அடைக்குது. பாஸ்பேட்டும் வெளியே கொட்டி, கால்சியத்தோட சேர்ந்து அங்கேயே படியுது. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா தசை இழுக்கும், வலிப்புகூட வரலாம். கொடுமை என்னன்னா, இந்த மூணையும் வெளியேத்த வேண்டியதும் அதே கிட்னிதான்.

அதனால கீமோவுக்கு முன்னாடியே டிரிப்ஸ் ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க. அலோபியூரினால் புதுசா யூரிக் அமிலம் உருவாகறதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்ததை உடைக்க ராஸ்பியூரிகேஸ் வேணும். இது, எடுத்த ரத்தத்துலயும் வேலையைத் தொடரும். அதனால சாம்பிளை ஐஸ்ல வெச்சுத்தான் லேபுக்கு அனுப்பணும். இல்லன்னா ரிப்போர்ட்ல யூரிக் அமிலம் உண்மையைவிடக் குறைவாக் காட்டும்.