கொம்பும் காலும் தடுமாறும்போது

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளை. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்: பட்டம், கொடி, தென்னை, மரங்கள், பழம், கிணறு. ஒரு சிறுவனின் நோட்டில் இருப்பவை: படம், காடி, தெனை, மரகள், பளம், கிறணு. ஆறுக்குப் பூஜ்யம். வழக்கமாக இதற்குக் கிடைப்பது ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதிவரச் சொல்லும் தண்டனைதான். அதை அவன் எழுதியும் வருவான். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் 'கொடி' இம்முறை 'கெடி' ஆகியிருக்கும்.

இந்த ஆறு சொற்களும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு நோட்டை மூடாமல், எந்த இடத்தில் எழுத்து நழுவியது என்று பார்க்கும் ஆசிரியரால்தான் டிஸ்லெக்சியாவை முதலில் கண்டுகொள்ள முடியும். மருத்துவரிடம் குழந்தை போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

பிழைகள் சொல்லும் செய்தி

முதலில் 'பளம்' என்பதை ஒதுக்கிவிடலாம். வீட்டிலும் தெருவிலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும் ஊர்கள் ஏராளம். குழந்தை காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறது. ர-ற, ன-ண மயக்கமும் அப்படித்தான். பெரியவர்களுக்கே வரும் பிழைகள் அவை. அவற்றை மட்டும் வைத்து எந்தக் குழந்தையையும் சந்தேகிக்கக் கூடாது.

பட்டம், தென்னை, மரங்கள் மூன்றும் வேறு. மூன்றிலும் காணாமல் போனது சொல்லின் நடுவில் வரும் புள்ளி எழுத்து. கடைசியில் வரும் 'ம்', 'ள்' தப்பிவிட்டன. நடுவில் இருந்த 'ட்', 'ன்', 'ங்' தப்பவில்லை. 'பட்டம்' என்ற சொல்லை அவன் தெளிவாகக் கேட்கிறான், பிழையில்லாமல் சொல்லவும் செய்கிறான். ஆனால் அதற்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்து வரிசைப்படுத்த அவனால் முடியவில்லை. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான். கண்ணுக்கோ அறிவுக்கோ இதில் பங்கில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. அப்பாவும் பள்ளியில் வாசிக்கத் திணறியவராக இருக்கலாம்.

'கிறணு' என்பதில் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. 'கொடி' தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு கஷ்டத்தைக் காட்டுகிறது. வாயில் 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பின்னால் வருகிறது. தாளிலோ கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ககரம் நடுவில். எல்லாப் பிள்ளைகளும் இதில் சில மாதம் தடுமாறுவார்கள். கவனிக்க வேண்டியது, மற்றவர்கள் கடந்துவிட்ட பிறகும் ஒரு குழந்தை அங்கேயே நிற்பதையும், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவதையும்.

மனப்பாடம் மறைத்துவிடும்

முதல் இரண்டு வகுப்புகளில் இது பலமுறை கண்ணில் படாமலே போகிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தை கதையைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடும். படத்தைப் பார்த்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் 'வாசித்து'விடும். படத்தைக் கையால் மூடி, மூன்றாம் வரியின் நடுவில் ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டுங்கள். அல்லது 'மிடகு', 'சேப்பணி' என்று பொருளில்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த குழந்தை சற்றே சிரித்துக்கொண்டு வாசித்துவிடும். மனப்பாடத்தை நம்பியிருக்கும் குழந்தை அங்கே நின்றுவிடும்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெருமளவு நிலையானது. அதனால் நம் பிள்ளைகளிடம் இந்தக் குறைபாடு தப்பும் தவறுமான வாசிப்பாக இல்லாமல், மிக மெதுவான, மூச்சுமுட்டும் வாசிப்பாக வெளிப்படலாம். அதே குழந்தை ஆங்கிலத்தில் முழுவதுமாகச் சறுக்கும். வாய்மொழியாகக் கேட்டால் அறிவியல் பாடம் முழுவதையும் சொல்லும், எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடும். இந்த இடைவெளிதான் எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அடையாளம். ஆனால் ஒன்றை முதலில் செய்தாக வேண்டும்: கண்பார்வையையும் செவித்திறனையும் சோதிக்க வேண்டும். நீண்ட நாள் பள்ளிக்கு வராததாலோ, வீட்டு மொழி வேறாக இருப்பதாலோ ஏற்படும் பின்னடைவும் மேலோட்டமாக இப்படியே தெரியும்.

எல்லோருக்கும் ஒரே புளியங்கொட்டை

இனி வகுப்பறைக்கு வருவோம். தனியாக அழைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் சக மாணவர்கள் ஒரே நாளில் பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் மாற்றத்தை முழு வகுப்புக்கும் செய்வதே நல்லது. இங்கே சொல்பவற்றால் மற்றப் பிள்ளைகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

சொல்வதை எழுதும் பயிற்சிக்கு முன், ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் பத்துப் புளியங்கொட்டை இருக்கட்டும். ஆசிரியர் 'பட்டம்' என்கிறார். வகுப்பு முழுவதும் அதை நிறுத்தி நிறுத்திச் சொல்லி, ஓர் எழுத்துக்கு ஒரு கொட்டை வைக்கிறது: ப, ட், ட, ம். நான்கு. 'தென்னை'க்கு மூன்று, 'மரங்கள்' என்பதற்கு ஐந்து. கொட்டை குறைந்தால் எழுத்தும் விடுபட்டிருக்கிறது என்று குழந்தைக்குத் தானாகவே தெரிந்துவிடும். யாரும் திருத்த வேண்டியதில்லை. கொட்டைகளை எண்ணிய பிறகே எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஆறு சொல் போதும், ஆறிலும் ஒரே சிக்கல் இருக்கட்டும்: இன்று நடுப்புள்ளி மட்டும், அடுத்த வாரம் ஒற்றைக்கொம்பு மட்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றையும் ஒரே நாளில் நடத்துவதுதான் பெரிய குழப்பத்தை விதைக்கிறது. ஒன்று ஊறிய பிறகே அடுத்தது.

திருத்தும்போது சொல் முழுவதையும் அடிக்காமல், சரியாக வந்த எழுத்துகளின் கீழ்க் கோடிடலாம். 'மரகள்' என்பதில் நான்கு எழுத்து சரி. இதை எல்லா நோட்டிலும் செய்தால் யார் நோட்டும் தனித்துத் தெரியாது.

வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. தன் முறை வரும் வரை அந்தக் குழந்தை எதையும் கேட்பதில்லை, தனக்கு எந்த வரி வரும் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கட்டும். தனியாக வாசித்தே ஆக வேண்டுமென்றால், நாளை யார் எந்தப் பத்தி என்பதை எல்லோருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். வீட்டில் பழகி வரட்டும். கரும்பலகையில் எழுதுவதையே பெஞ்சுக்கு ஒரு தாளில் கொடுத்துவிட்டால், தலையை நிமிர்த்திக் குனிந்து இடம் தொலைக்கும் தொல்லையும் குறையும். தேர்வில் வினாக்களை முழு வகுப்புக்கும் ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். வாசிப்பில் அரும்பாக இருக்கும் குழந்தை கதை சொல்வதிலும் கணக்கிலும் மலராக இருக்கலாம். எல்லாப் பாடத்துக்கும் அதே குழுவில் உட்கார வைத்தால் அந்த நிலையே அதன் பெயராகிவிடும். பாடத்துக்குப் பாடம் குழு மாறட்டும்.

எப்போது அனுப்புவது

மாதம் ஒருமுறை, எல்லாப் பிள்ளைகளிடமும், ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுவதும் இப்படிக் கற்பித்தும் ஒரு குழந்தையின் எண்ணிக்கை மட்டும் அசையவில்லையென்றால், பெற்றோரிடம் தனியாகப் பேசி, நோட்டுகளோடு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்ப வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் விற்பவர்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே வழங்கப்படுகிறது. தேர்வுச் சலுகைகளுக்கு அது தேவை. புளியங்கொட்டைக்கும் இணை வாசிப்புக்கும் எந்தச் சான்றிதழும் வேண்டாம். முதல் வகுப்பு ஆசிரியர்கள் எட்டு வயது வரை காத்திருக்காமல் இவற்றை இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.