உங்களுக்குத் தெரியுமா? டெனியர் மழையைத் தடுப்பதில்லை

கூடாரத் துணியில் '70 டெனியர்' என்றிருந்தால், அதன் நூல் 9,000 மீட்டர் நீளத்துக்கு 70 கிராம் எடை கொண்டது என்று பொருள். அது நூலின் பருமனைச் சொல்லும் அளவு மட்டுமே. டெனியர் கூடினால் நாகலாபுரம் மலையின் முட்புதர்களில் துணி எளிதில் கிழியாது, ஆனால் தோளில் சுமையும் கூடும்.

நீரைத் தடுப்பது துணியின் உட்புறத்தில் பூசப்படும் பாலியூரித்தேன் படலம். '3,000 மி.மீ.' என்றால், ஏறக்குறைய மூன்று மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வரை துணி கசியாது. பெய்யும் மழைக்கு 1,500 கூடப் போதும். ஈரத்தரையில் முழங்காலை ஊன்றினால் அழுத்தம் பல மடங்காகும் என்பதால், கூடாரத்தின் அடித்துணிக்கு அதிக எண் வேண்டும்.

2021 நவம்பரில் திருமலை நடைபாதைகளில் வெள்ளமே ஓடியது. அத்தகைய வடகிழக்குப் பருவமழையில் போஞ்சோ முதலில் கசிவது பெரும்பாலும் தையலில்தான். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் பூச்சைத் துளைத்துவிடுகிறது. அதை மூடவே உட்புறத்தில் சூடேற்றி நாடா ஒட்டுகிறார்கள். தலைமூடி கழுத்தோடு சேரும் வளைவில் நாடா சுருங்கியோ விடுபட்டோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

தலக்கோனாவில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால், வெப்பத்தில் பாலியூரித்தேன் மெல்லச் சிதையும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் அதன் அறிகுறிகள். சில சமயம் பூச்சு செதிலாக உரிந்து, நாடாவும் கழன்று வரும். தையலை மட்டும் பசையால் அடைக்கலாம், ஆனால் துணி முழுவதும் சிதைந்தபின் மாற்றுவதே வழி.