கல்யாணத்தோடு செல்லாமல் போகும் நாமினி

மத்திய அரசின் பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஒருவர் 2000ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. பொது வருங்கால வைப்பு நிதிக்கு அம்மாவை நாமினியாக எழுதிக் கொடுத்தார். 2003இல் திருமணம் நடந்தது. குழுக் காப்பீட்டுக்கும் பணிக்கொடைக்கும் நாமினியை மனைவி பெயருக்கு மாற்றியவர், வைப்பு நிதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். 2021இல் அவர் இறந்ததும், அந்த ஒரு படிவத்துக்காக மாமியாரும் மருமகளும் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று படியேற நேர்ந்தது. குடும்பம் அமைந்ததும் இந்த நியமனம் செல்லாது என்று அந்தப் படிவத்திலேயே இருந்தது. அதை வைத்துத்தான் 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: அம்மா பெயரிலிருந்த நியமனம் மகனின் திருமணத்தோடு முடிந்துபோனது, பணம் இருவருக்கும் சரிபாதி.

அது அரசு ஊழியரின் வைப்பு நிதி. தனியார் நிறுவனங்களில் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப்.புக்கும் இதே போன்ற விதி உண்டு. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 61ஆவது பத்தி, உறுப்பினர் திருமணம் ஆனதும் புதிதாக நாமினியை நியமிக்க வேண்டும், திருமணத்துக்கு முன் செய்த நியமனம் செல்லாததாகக் கருதப்படும் என்கிறது. அலுவலகத்திலிருந்து கடிதம் வராது, செல்பேசிக்குச் செய்தி வராது. தாலி ஏறிய நாளோடு பழைய படிவம் வெறும் காகிதமாகிவிடுகிறது. புதிய நாமினியும் குடும்பத்துக்குள்தான் இருக்க வேண்டும். இந்த விதிப்படி ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோர் குடும்பம். பெண்ணுக்குக் கணவர், பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோரோடு, கணவரை நம்பியிருக்கும் மாமனார் மாமியாரும் சேர்வார்கள். தம்பி தங்கைக்கு இதில் இடமில்லை.

வங்கியில் நிலைமை நேர் எதிர். கணக்கு வைத்திருப்பவருக்குத் திருமணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், பழைய நாமினி அப்படியே செல்லும். மாற்றி எழுதிக் கொடுக்கும்வரை வங்கி அந்தப் பெயரைத்தான் பார்க்கும். ஒரே கல்யாணம், இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அப்பா இல்லை, அம்மா அவர் சம்பளத்தை நம்பி இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தபோது பி.எஃப்., வங்கி இரண்டுக்கும் அம்மாதான் நாமினி. பிறகு கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. எதையும் மாற்றாத நிலையில் விபத்தில் இறந்துவிடுகிறார். பி.எஃப்.பில் 6 லட்சம், வங்கியில் 2 லட்சத்து 40 ஆயிரம் இருக்கிறது.

பி.எஃப்.பில் நாமினியே இல்லாத கணக்காக இது பார்க்கப்படும். அப்போது 70ஆவது பத்தியின்படி குடும்பத்தினருக்குச் சம பங்கு. மனைவி, குழந்தை, அம்மா மூவருக்கும் தலா 2 லட்சம். வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு உண்டான காப்பீட்டுத் தொகையும் (உச்சவரம்பு 7 லட்சம்) இதே வழியில்தான் பிரியும். அதற்குள் குடும்பத்தினர் யார் யார் என்று நிரூபிக்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும், வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாத நேரத்தில்.

வங்கியோ 2 லட்சத்து 40 ஆயிரத்தையும் அம்மாவிடம் கொடுத்துவிடும். அது சரியானதுதான், அதோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. ஆனால் அந்தப் பணம் முழுவதும் அம்மாவுக்குச் சொந்தமாகிவிடாது. வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், தாய் மூவரும் முதல் வரிசை வாரிசுகள். எனவே தலா 80 ஆயிரம். அம்மா தர மறுத்தால் மருமகள் வங்கியோடு சண்டை போட முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இறந்தவர் மணமான இந்துப் பெண்ணாக இருந்தால் இன்னும் சிக்கல். கணவரும் பிள்ளைகளும் இருக்கும்போது தாய் வாரிசு இல்லை. மகள் சம்பாதித்துச் சேர்த்த பணத்தை நாமினியான அம்மா வாங்கினாலும் முழுவதையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். அம்மாவுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் அதை உயிலில் எழுதியாக வேண்டும். நாமினி படிவம் உயிலின் வேலையைச் செய்யாது.

பி.எஃப்.பில் மாற்ற யாரிடமும் போய் நிற்க வேண்டாம். உறுப்பினர் இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணோடு நுழைந்து Manage பகுதியில் E-Nomination எடுக்க வேண்டும். குடும்பத்தினர் ஒவ்வொருவரின் ஆதார் எண்ணும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். முதலில் குடும்ப விவரம், பிறகு யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பங்கு. பலர் இதைச் சேமித்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை. e-Sign பொத்தானை அழுத்தி, ஆதார் வழியாக வரும் ஓ.டி.பி.யைப் போட்டால்தான் நியமனம் பதிவாகும். அதற்குப் பிறகு கிடைக்கும் பி.டி.எஃப். கோப்பை ஒரு பிரதி எடுத்து வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. கணக்கு இருப்பதே தெரியாத மனைவிமார் நிறையப் பேர்.

குழந்தை பிறந்தால் மனைவி பெயரில் செய்த நியமனம் செல்லாமல் போகாது. இருந்தாலும் குழந்தைக்கு ஆதார் எடுத்ததும் குடும்ப விவரத்தில் சேர்ப்பது முக்கியம். விதவை ஓய்வூதியத்தோடு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. கேட்கப் போகும்போது குழந்தையின் பெயர் ஏற்கெனவே பதிவில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். குழந்தையையே நாமினியாகப் போட்டால் பாதுகாவலர் பெயரையும் சேர்க்க வேண்டும். வங்கியிலும் அப்படித்தான், 18 வயது ஆகும்வரை யார் வாங்குவது என்று குறிப்பிட வேண்டும்.

வங்கிக் கிளையில் நாமினி மாற்றப் படிவம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குத்தான் இரண்டு சாட்சி தேவை, கையெழுத்துப் போடுபவருக்கு வேண்டாம். சேமிப்புக் கணக்கில் மாற்றினால் பழைய வைப்புத்தொகை ரசீதுகளிலும் மாறிவிடும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வைப்புக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், பங்கைச் சதவீதமாகவும் பிரிக்கலாம். அம்மாவா மனைவியா என்று ஒரு பெயரை மட்டும் எழுதத் தயங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பெட்டகத்துக்கு மட்டும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நியமிக்க முடியும்.

நாமினி இருந்தும் வங்கி இழுத்தடித்தால் முதலில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. பி.எஃப். பணம் தாமதமானால் EPFiGMS தளத்தில் புகாரைப் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.