'நல்ல பையன்' என்று எழுதாதீர்கள்!

போன மாசம் ஒரு ராத்திரி போன். பழைய ஆபீஸ் சகா. தஞ்சாவூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இரண்டு பேரும் நாலு வருஷம் ஒரே மேஜையில் கணக்கு எழுதியவர்கள். பி.காம். படித்துவிட்டு நான் பத்திரிகைக்கு எழுதப் போய்விட்டேன். அவர் கணக்கை விடவில்லை.

"அண்ணே, திருச்சியில ஒரு மில்லுல ஸ்டோர்ஸ் கணக்கு வேலைக்குக் கேட்டிருக்கேன். கூட வேலை பாத்தவங்க யாராவது எழுதிக் குடுக்கணுமாம். நீங்கதான் எழுத்தாளராச்சே, நாலு வரி..."

எழுத்தாளர் என்றால் போதாதா? பேனாவை எடுத்தேன். 'இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி, அனைவரிடமும் இனிமையாகப் பழகுபவர்' என்று ஓடியது. படித்துப் பார்த்தேன். இதே வரிகளை எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கும் கொடுக்கலாம். சம்பந்திக்கும் கொடுக்கலாம். கிழித்துப் போட்டேன்.

அப்போதுதான் நம்ம கும்பகோணத்துக்காரர் ஒருவருக்கு எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள் ஞாபகம் வந்தன. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன்தான்.

முதல் கடிதம் 1911 செப்டம்பரில் எழுதப்பட்டது. எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். ரொம்பச் சின்னக் கடிதம். கணிதத்தில், முக்கியமாக எண்கள் சம்பந்தமான வேலையில், இந்த இளைஞருக்கு அசாதாரணத் திறமை. கணக்குப் போடுவதில் படுவேகம். அவ்வளவுதான் விஷயம். கவனியுங்கள், தேற்றம், தொடர் என்று எதையும் இழுக்கவில்லை. குமாஸ்தா வேலை தருகிறவருக்கு அது எதற்கு? அந்தக் கடிதத்தை இணைத்து ராமானுஜன் துறைமுகத்துக்கு மனுப் போட்டார். 1912 மார்ச்சில் மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

இரண்டாவது கடிதம் 1913 பிப்ரவரி 26 தேதியிட்டது. எழுதியவர் கில்பர்ட் வாக்கர், வானிலைத் துறையின் தலைவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். சென்னைக்கு வந்த இடத்தில் முந்தின நாள்தான் ராமானுஜனின் தாள்களைப் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதினார் தெரியுமா? 'ஆளை நான் பார்த்ததில்லை. வயது 22 என்று சொன்னார்கள்' என்றார். நிஜத்தில் 25. ஆனால் 'சொன்னார்கள்' என்று எழுதியதால் மனிதர் தப்பித்தார்! சிந்தனையின் புதுமையில் இது கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெலோ ஒருவரின் வேலைக்கு ஈடு என்றார். அடுத்ததாக, முழுமையும் துல்லியமும் இன்னும் போதாது என்றார். இந்தக் கணிதப் பிரிவு தன்னுடையது இல்லை, அதனால் திறமையைச் சரியாக எடைபோட முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: சில வருஷம் இவர் வயிற்றுக் கவலை இல்லாமல் கணிதம் மட்டும் செய்யட்டும்.

அந்த மே மாசத்திலிருந்து மாசம் 75 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷத்துக்கு. எல்லாம் வாக்கரால்தான் என்று சொல்ல முடியாது. ஹார்டியின் கடிதமும் அந்தச் சமயத்தில்தான் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து சேர்ந்தது. ஆனாலும் முன்பின் தெரியாத பல்கலைக்கழகக் கமிட்டி, 'தெரியாது' என்று இரண்டு இடத்தில் சொன்ன மனுஷன் 'தெரியும்' என்று சொன்னதை நம்பியது.

சரி, நம்மாளுக்கு வருவோம். திரும்பப் போன் பண்ணி, அந்த வேலையில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். "நெல் வரவு, இருப்பு, அரவை... மூணும் டேலி ஆகணும்ணே." உடனே எனக்கு அந்த வாட்ச்மேன் விவகாரம் ஞாபகம் வந்தது.

ஒரு அறுவடை சீசன். 40 கிலோ மூட்டையாக ஆயிரம் மூட்டை நெல் வந்து இறங்கியது. 40,000 கிலோ. வந்தபோது ஈரப்பதம் 17 சதவீதம். காயவைத்து அரவைக்கு எடுக்கும்போது எடை போட்டால் 38,605 கிலோதான் இருக்கிறது! 1,395 கிலோ, ஏறக்குறைய 35 மூட்டை, காணோம். முதலாளி ராத்திரி வாட்ச்மேனைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். நான் குறுக்கே புகுந்து, "ஈரம் 17லேர்ந்து 14க்கு இறங்கியிருக்கு சார். மூணு சதவீதம். 1,200 கிலோ தண்ணியாப் போச்சு" என்றேன். "அப்ப மீதி?" என்றார். மீதி 195 கிலோ, கிட்டத்தட்ட அஞ்சு மூட்டை. நல்லது செய்யப் போய் அஞ்சு மூட்டைத் திருட்டை அந்த மனுஷன் தலையில் கட்டிவிட்டேன்.

நம்மாள் பேசவில்லை. காகிதத்தை எடுத்தார். 17 சதவீதம் ஈரம் என்றால் மீதி 83 சதவீதம் உலர்ந்த சரக்கு, 33,200 கிலோ. அது எங்கேயும் போகாது. காய்ந்த நெல்லில் ஈரம் 14 என்றால் அதே 33,200 இப்போது மொத்தத்தில் 86 சதவீதம். 33,200ஐ 0.86ஆல் வகுத்தால் 38,605. கிலோ சுத்தமாக டேலி! நான் பழைய எடைக்கே மூணு சதவீதம் போட்டதுதான் தப்பு. நெல் காயும்போது மொத்த எடையே மாறிவிடுகிறதே. வாட்ச்மேன் வேலை பிழைத்தது. மறுநாளிலிருந்து, நெல் வரும்போதும் அரவைக்குப் போகும்போதும் ஈரப்பதம் எழுத ரிஜிஸ்டரில் தனிக் கட்டம் போட்டார்.

இதை எழுதாமல் 'நேர்மையானவர்' என்று எழுதப் பார்த்தேனே!

அவரிடம் குறையும் உண்டு. எல்லாம் டேலி ஆகாமல் மாசக் கணக்கை மூடமாட்டார். ஒருநாள், இரண்டுநாள் தள்ளும். "அதையும் எழுதலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்கண்ணே. போனப்புறம் தெரியறதுக்கு முன்னாடியே தெரியட்டும்." அவர் வேண்டாம் என்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் யாராவது போனில் கேட்டால் மறைக்கவும் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

கடைசியில் எழுதியது இது:

'இவரும் நானும் ஒரு ஆலையில் நாலு வருஷம் சேர்ந்து கணக்கு எழுதினோம். நான் இவருக்கு மேலதிகாரி அல்ல. ஒருமுறை நெல் இருப்பில் 35 மூட்டை குறைந்தபோது, அது திருட்டு அல்ல, ஈரம் காய்ந்ததுதான் என்று கணக்கிட்டுக் காட்டினார். நான் போட்டிருந்த தப்புக் கணக்கையும் திருத்தினார். பிறகு ஈரப்பதப் பதிவை வழக்கமாக்கினார். மாசக் கணக்கு முடிக்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாக எடுப்பார். முடித்த கணக்கைத் திரும்பத் திறந்து நான் பார்த்ததில்லை. வரி சம்பந்தமான வேலை இவர் செய்து நான் பார்த்ததில்லை, அதுபற்றிச் சொல்ல இயலாது. இருப்புக் கணக்குப் பொறுப்பை இவரிடம் தரலாம்.'

ஆலையின் பேர் இல்லை, முதலாளி பேர் இல்லை, வாட்ச்மேன் இல்லை. பழைய இடத்து ரகசியத்தைக் கொட்டுகிறவன் எழுதியதை எவன் நம்புவான்?

பத்து நாள் கழித்துத் திருச்சியிலிருந்து போன். "ரெண்டு நாள் தள்ளும்னு எழுதியிருக்கீங்களே, பேங்க்குக்கு ஸ்டேட்மெண்ட் குடுக்கற மாசத்துல என்ன பண்ணுவார்?" என்றார் அந்த மேனேஜர்.

"முன்கூட்டியே தேதி சொல்லிட்டா முடிச்சுடுவார் சார். சொல்லலைன்னாதான் இழுக்கும்."

நம்மாள் இப்போது திருச்சியில் இருக்கிறார். போன வாரம் அந்த மேனேஜரே திரும்பக் கூப்பிட்டார். "சார், உங்க பழைய ஆபீஸ்ல இன்னொருத்தர் அப்ளை பண்ணியிருக்கார். அவரைப் பத்தி..."

பேரைச் சொன்னார். அவரோடு நான் வேலையே பார்த்ததில்லை. டீ மட்டும்தான் குடித்திருக்கிறேன். அதைத்தான் சொன்னேன்.