மறுவிற்பனையாளர் கமிஷன் அறிவிப்பு

மறுவிற்பனையாளர் கமிஷன் அறிவிப்பு என்பது, தம் பொருளை விற்றுத் தருபவருக்கு எவ்வளவு கமிஷன் (தரகு), எந்த இலக்குக்கு, எப்போது கொடுக்கப்படும் என்பதை வணிகர் எழுத்தில் தெரிவிப்பதாகும். சரக்கைத் தாமே வாங்கி விற்பவருக்குக் கிடைப்பது இலாபம். வணிகருக்காக விற்றுத் தருபவருக்குக் கிடைப்பதே கமிஷன்.

விகிதமும் இலக்கும்

ஒரு சேலை வணிகர், "விற்பனைக்கு 8% கமிஷன், மாதம் ரூ. 50,000-க்கு மேல் விற்றால் 12%" என்று எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் ரூ. 60,000-க்கு விற்கிறார். முழுத் தொகைக்கும் 12% என்று அவர் கணக்கிட்டால் ரூ. 7,200 வரும். முதல் ரூ. 50,000-க்கு 8%, மீதி ரூ. 10,000-க்கு மட்டும் 12% என்று வணிகர் கணக்கிட்டால் ரூ. 5,200 வரும். ஒரே வாக்கியத்தால் ரூ. 2,000 தகராறு எழுகிறது.

முழுத் தொகைக்கும் உயர்ந்த விகிதம் தருவதில் வேறொரு சிக்கலும் உண்டு. ரூ. 50,000 விற்றவருக்கு ரூ. 4,000, நூறு ரூபாய் கூடுதலாக விற்றவருக்கு ரூ. 6,012 என்றாகிறது. இதனால் மாதக் கடைசியில் தாமே வாங்கி இலக்கை எட்டிவிட்டு, பிறகு சரக்கைத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. கடைசி இரண்டு மூன்று நாள் விற்பனையும் அடுத்த மாதத் திரும்புகையும் சேர்ந்து உயர்வதே இதன் அடையாளம்.

எது விற்பனை?

ரூ. 1,000 விலையுள்ள சேலைக்கு 5% சரக்கு சேவை வரி சேர்ந்து வாடிக்கையாளர் ரூ. 1,050 கொடுக்கிறார். கமிஷன் எந்தத் தொகைக்கு என்பதைச் சொல்ல வேண்டும். கூரியர் கட்டணமும் அப்படியே. திரும்பி வந்த சேலைகளையும் கழிக்க வேண்டும். மேற்கண்ட ரூ. 60,000-இல் ரூ. 5,000 சரக்கு திரும்பினால், கணக்கில் நிற்பது ரூ. 55,000, வணிகர் கணக்குப்படி கமிஷன் ரூ. 4,600.

பணம் தரும் நாள்

"மாதா மாதம் தரப்படும்" என்பது போதாது. ஆர்டர் வந்த நாளா, பணம் வந்த நாளா, எதை வைத்து மாதம் கணக்கிடப்படும் என்பதையும், பட்டுவாடா நாளையும் குறிப்பிட வேண்டும். 28-ஆம் தேதி விற்றது அடுத்த மாதம் 3-ஆம் தேதி திரும்பினால் என்ன செய்வது என்பதற்கும் விடை இருக்க வேண்டும்.

மாதிரி

"ஒரு மாதத்தில் எங்களுக்குப் பணம் வந்து சேர்ந்த விற்பனையே அம்மாதக் கணக்கு. வரியும் கூரியர் கட்டணமும் இதில் சேராது. முதல் ரூ. 50,000 வரை 8%. அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 12%. கமிஷன் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். திரும்பி வரும் சரக்கின் மதிப்பு, அது திரும்பிய மாதத்தின் விற்பனையில் கழிக்கப்படும். விகிதம் மாறினால் 15 நாள் முன்பே தெரிவிப்போம். அதற்கு முன் விற்றவற்றுக்குப் பழைய விகிதமே."

இதனுடன் ரூ. 60,000 விற்றவருக்கு ரூ. 5,200 என்ற கணக்கையும் அடியில் சேர்த்துவிட்டால், இரு பொருள் கொள்ள இடமிருக்காது.