எட்டு விநாடி இன்டர்வியூ

மாக் இன்டர்வியூ வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. "இப்படிப் பதில் சொல்லாதீங்க" என்று காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்க மாட்டார். தடுமாறுகிறவராக நடிக்க மாணவர்கள் கூச்சப்படுவார்கள். துணிந்து வருகிற ஒருவரும் மிகையாக நடித்து வகுப்பையே சிரிப்பில் ஆழ்த்திவிடுவார். இந்த இடத்தில்தான் சில பயிற்சி நிலையங்கள் ஏஐ வீடியோவின் பக்கம் திரும்புகின்றன. வேண்டிய காட்சியை எழுத்தில் விவரித்தால் கருவி அதைப் படமாக்கித் தந்துவிடுகிறது. அந்த விவரிப்புக்குப் பெயர்தான் பிராம்ப்ட்.

எழுதியவுடன் நினைத்தது வந்துவிடாது. "ஒரு ப்ரொஃபஷனல் ஆபீஸில் இன்டர்வியூ நடக்கிறது, மாணவர் பதற்றமாக இருக்கிறார்" என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சுவர் வைத்த மாடிக் கட்டடம், பின்னால் நகரத்து வானம், கோட்டும் டையுமாக இருவர் வருவார்கள். மாணவர் நெற்றியைத் துடைப்பார், எச்சில் விழுங்குவார், கண்ணை உருட்டுவார். நம் மாணவர் பார்த்த இன்டர்வியூ அறை அது இல்லை. அவர் பதறுவதும் அப்படி இல்லை. கருவிக்கு "பதற்றம்" என்ற சொல் போதாது. உடம்பில் எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, இந்தக் கிளிப்பில் மாணவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது. கூகுளின் வியோ 3 கருவி 2025 மே மாதம் அறிமுகமானபோது ஒரு கிளிப்பின் நீளம் 8 விநாடி. வேறு கருவிகளில் நீளம் மாறும். ஆனாலும் பயிற்சிக்கு எட்டு விநாடி நல்ல அளவு. அதற்குள் ஒரு கேள்வியும் ஒரு செய்கையும்தான் அடங்கும். வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, ஃபைலை நீட்டி, பதிலும் சொல்ல வேண்டும் என்று எழுதினால் நான்கும் அரைகுறையாக வரும். நாற்காலி இல்லாமலேயே ஆள் உட்கார்ந்துவிடுவதும் நடக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒன்றரை ஆண்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர். அவரை மடக்கும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "படிச்சு முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சே, இடையில என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" சாதாரண வேகத்தில் சொல்ல இது ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். மீதி மூன்று விநாடிதான் பாடம். அந்த மூன்று விநாடியில் அவர் மேஜையைப் பார்க்கிறாரா, கேட்டவரைப் பார்க்கிறாரா? கிளிப் அதோடு முடியட்டும். பதிலை வகுப்பில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

இனி கேமரா எங்கே நிற்பது என்ற கேள்வி. மேஜையின் பக்கவாட்டில் நின்று இருவரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்குவதுதான் முதலில் தோன்றும். அதில் இரண்டு பேருக்கும் பாதி முகம்தான் தெரியும். கண் எங்கே பார்க்கிறது என்பது சரியாகத் தெரியாது. சினிமாக்காரர்கள் தோளுக்கு மேலிருந்து எடுக்கும் ஷாட் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதுதான் இங்கே பொருத்தம். கேள்வி கேட்பவரின் முதுகும் தோளும் ஓரமாகத் தெரிய, எதிரில் இளைஞரின் முகம் முழுமையாகத் தெரிய வேண்டும்.

இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. ஏஐ கருவிகள் பேசும் தமிழ் இன்னும் நம்பும்படி இல்லை. லகர, ளகர, ழகரம் குழம்பும். இழுக்கக் கூடாத இடத்தில் இழுக்கும். கேட்பவரின் வாய் கேமராவுக்குத் தெரியாவிட்டால் உதடு பொருந்துகிறதா என்ற கவலையே வேண்டாம். நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேள்வியைத் தம் சொந்தக் குரலில் கைபேசியில் பதிவு செய்து கிளிப்பின் மேல் ஒட்டிவிடலாம். மதுரைப் பேச்சோ கோவைப் பேச்சோ, உள்ளூர்க் குரல் ஒலிக்கும். அதே படத்துக்கு வேறு வேறு கேள்விகளையும் மாற்றி ஒட்டலாம். இருவரையும் பேசவிட்டால் வரும் வழக்கமான கோளாறும், அதாவது ஒருவர் வசனம் இன்னொருவர் வாயிலிருந்து வருவதும், இதில் இல்லை.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கருவிகள் சினிமாத்தனமான ஒளியின் பக்கம் சாயக் கூடியவை. ஜன்னல் வழியாகப் பொன்னிற வெயில், முகத்தில் பாதி நிழல் என்று அழகாகவே வரும். அந்த அழகுதான் தொல்லை. பாதி நிழலில் இருக்கும் அதிகாரி வில்லனாகத் தெரிவார். பொன்னிற வெயிலில் இளைஞரின் தடுமாற்றம் சோகக் காட்சியாகிவிடும். அவர் கண்ணைத் தாழ்த்தினார் என்பதை விட்டுவிட்டு மாணவர்கள் அவருக்காக வருத்தப்பட ஆரம்பிப்பார்கள். பயிற்சிக் கிளிப்பில் ஒளி எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பல்ப் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வார்ம் ஒயிட் 3000 கே, நேச்சுரல் ஒயிட் 4000 கே, கூல் டேலைட் 6500 கே என்று போட்டிருப்பார்களே, அதில் நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய நிறம். கருவி அந்த எண்ணை அளந்து பின்பற்றாது; 4000 என்று எழுதினால் ஒரு சாயல் கிடைக்கும், அவ்வளவுதான். கூரையிலிருந்து பரவலாக விழும் வெள்ளை ஒளி, பின்னால் வெறும் சுவர் என்று சொல்வது அதைவிட உறுதியாக வேலை செய்கிறது.

"ஜன்னல் வேண்டாம்" என்று எழுதுவதும் பல நேரம் எதிராகப் போய்விடும். சொல்லைப் பார்த்ததுமே ஜன்னலை வைத்துவிடும் கருவிகள் உண்டு. வேண்டாததைச் சொல்வதைவிட அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது நல்லது. சில கருவிகளில் வேண்டாதவற்றுக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. இருந்தால் அங்கே எழுதலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் பிராம்ப்ட் இப்படி வரும். ஆங்கிலத்தில் கொடுத்தால் விவரங்கள் கூடுதலாகப் பிடிபடுகின்றன என்பதால் பெரும்பாலும் அப்படியே எழுதுகிறார்கள்.

```
Static over-the-shoulder shot. In the foreground, the back and
shoulder of a woman interviewer, 45, plain cotton saree.
Facing her across a bare wooden desk: a Tamil man, 22, dark
brown skin, light blue full-sleeve shirt. His hands rest on
a closed brown file. Plain off-white wall behind him.
Soft, even overhead office light, neutral white.
First five seconds: he listens, lips closed, eyes on her.
Then he looks down at the file once, rubs its edge with
his thumb, and looks up again.
Audio: quiet room tone only.
```

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அசையாத கேமரா என்று முதலிலேயே சொல்லாவிட்டால் படம் மெல்ல முகத்தை நோக்கி நகரத் தொடங்கும். அதுவும் ஒரு நாடகத்தனம். ஃபைல் மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் திறந்த தாளில் எழுத்து என்ற பெயரில் ஏதோ கிறுக்கல் வரும். தோல் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் ஆள் வெளுத்து வருவது அடிக்கடி நடக்கிறது. "தமிழ்ப் பெண்" என்று மட்டும் எழுதினால் பட்டுப்புடவையும் மல்லிகையும் நகையுமாகக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் வந்து உட்காரலாம்; அதனால்தான் பருத்திப் புடவை என்று ஆடையையும் எழுத வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்பவர் பெண் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாத இடத்தில் அதிகாரி நாற்காலியில் ஆணை உட்கார வைக்கிற பழக்கம் கருவிக்கும் உண்டு. கட்டைவிரல் ஃபைலின் ஓரத்தைத் தேய்ப்பதுதான் பதற்றம். அந்தச் சொல் பிராம்ப்டில் எங்குமே இல்லை.

ஒரு கிளிப் மட்டும் வகுப்புக்குப் போதாது. இதன் ஜோடி வேண்டும்: அதே இளைஞர், அதே அறை, ஆனால் கேள்வி முடிந்ததும் கண்ணைத் தாழ்த்தாமல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு பேசத் தயாராகிறார். அதே பிராம்ப்டில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இரண்டாவது முறை வேறு முகம், வேறு மேஜை, வேறு சட்டை வந்து நிற்கும். ஆளே மாறிவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? வழி என்னவென்றால், முதல் கிளிப்பின் ஆரம்பச் சட்டத்தைப் படமாகச் சேமித்து, இரண்டாவது முறை அந்தப் படத்தைத் தொடக்கமாகக் கொடுத்துப் பிராம்ப்ட் எழுதுவது. படத்திலிருந்து வீடியோ உருவாக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அறையும் ஆளும் அப்படியே இருக்க, கடைசி மூன்று விநாடி மட்டும் மாறும். ஆசைப்பட்டு ஒரு மாணவரின் நிஜப் படத்தைத் தொடக்கமாகக் கொடுத்துவிட வேண்டாம். தடுமாறும் இளைஞராக அவர் முகம் ஆண்டாண்டுக்கும் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

வந்த கிளிப்பை உடனே போட்டுக் காட்டிவிடவும் கூடாது. வேகமாக ஓடும்போது நல்லதாகத் தெரிவது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது பல்லிளிக்கும். விநாடிக்கு 24 சட்டம் என்றால் எட்டு விநாடிக்கு 192 சட்டங்கள். விஎல்சி பிளேயரில் E விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. விரல் ஃபைலைத் தொடும் இடத்தையும் கண் தாழ்ந்து நிமிரும் இடத்தையும் பார்த்தால் போதும். விரல் ஃபைலுக்குள் புதைவதும், ஐந்து ஆறாவதும் அங்கேதான் நடக்கும். கண் நிமிரும்போது கேள்வி கேட்டவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துவிட்டால் கிளிப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். கண் தொடர்பைச் சொல்லித்தரும் கிளிப்பில் கண்ணே தப்பான இடத்தைப் பார்க்கலாமா?

என் கணக்கில், சரியாக நடிக்கத் தெரிந்த இரண்டு ஊழியர்களும் ஒரு மேஜையும் இருந்தால் கைபேசியில் எடுத்துவிடுவதே மேல். நிஜ மனிதரின் தயக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சமாளிப்புகள் இந்தக் கிளிப்பில் வராது. ஒரே காட்சியைப் பெண்ணாக, ஆணாக, நாற்பது வயதில் வேலை மாறுகிறவராக என்று பல வடிவில் கேட்கும்போதுதான் பிராம்ப்ட் கைகொடுக்கிறது. எதைக் கொடுத்தாலும் கிளிப் துணைக்கேள்வி கேட்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். "சும்மா இருந்தேன் மேடம்" என்று மாணவர் சொன்னால், "சும்மான்னா? வீட்டு வேலையா, வேற எதுக்காவது படிச்சீங்களா?" என்று தோண்டுவதற்கு எதிரில் ஆள் வேண்டும்.

அதனால் வகுப்பில் கிளிப்புக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. முதல் கிளிப், அடுத்து அதன் ஜோடி, என்ன மாறியது என்று ஒரு கேள்வி. பிறகு திரையை அணைத்துவிட்டு, பயிற்சியாளரே மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன் தோளுக்குப் பின்னால் புத்தக அடுக்கின் மேல் கைபேசியை நிறுத்தி, அதே கோணத்தில் ஒவ்வொரு மாணவரையும் பதிவு செய்யலாம். ஒன்றரை வருஷக் கேள்வி முடிந்த பிறகு வரும் முதல் மூன்று விநாடியை மட்டும் அவரவருக்குத் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும்.