உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது வரை எண்ணினால் சரிவு களைத்துவிட்டதா?

பங்கு வரைபடத்தில் 1 முதல் 9 வரை எண்கள் வரிசையாக விழும் ‘சீக்வென்ஷியல்’ முறையை உருவாக்கியவர் அமெரிக்கரான டாம் டிமார்க். பலரும் நினைப்பதுபோல இதில் ஒப்பிடுவது நேற்றைய விலையோடு அல்ல. நான்கு பட்டைகளுக்கு முந்தைய முடிவு விலையோடு.

திங்களன்று ஒரு பங்கு 200 ரூபாயில் முடிந்தது, வியாழன் 194, வெள்ளி 196 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியன்று விலை ஏறியிருந்தாலும் திங்களைவிடக் குறைவுதான். எனவே சரிவு எண்ணிக்கை தொடரும். 200-லோ அதற்கு மேலோ முடிந்திருந்தால் எண்ணிக்கை அறுந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இப்படித் தொடர்ந்து ஒன்பது பட்டைகள் அமைந்தால், விற்பவர்கள் சோர்ந்திருக்கலாம் என்பது கணிப்பு. 8 அல்லது 9-ஆம் பட்டையின் தாழ்விலை, 6, 7 இரண்டின் தாழ்விலைக்கும் கீழே போயிருந்தால்தான் அது முழுமையான ஒன்பது.

அப்போதும் உடனே வாங்கிவிடக் கூடாது. விலை ஒரு எல்லைக்குள் ஏறி இறங்கும் சந்தையில் இந்த ஒன்பது பெரும்பாலும் ஒரு சிறு மீட்சியைக் காட்டும். கடுமையான சரிவிலோ ஒன்பது முடிந்த பிறகும் விலை இறங்கிக்கொண்டே போகலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இதற்கு முந்தைய ஏற்றத்தில் இதேபோல் எண்ணிய ஒன்பது பட்டைகளின் மிகத் தாழ்ந்த விலைக்குக் கீழே முடிவு விலை போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால் சரிவுக்கு இன்னும் வலு இருக்கிறது.